திரும்பப் பெறும் நோட்டீஸ்: மன்னிப்பை ஏன் கீழே இறக்குகிறோம்?

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். லேபிள், பில் புக், தீபாவளி நோட்டீஸ் என்று எல்லா வேலையையும் எங்களிடமே கொடுத்து வருகிறீர்கள். இதைவிட மலிவாக அடித்துத் தரும் இடங்கள் இருந்தும் எங்கள் படியேறி வருகிற உங்களுக்கு முதலில் நன்றி.

சில நாட்களாக வியாபாரிகளின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு பேச்சு சுற்றுகிறது. “சரக்கைத் திரும்பப் பெறும் நோட்டீஸ் எழுதிக் கொடுத்தால், முதலாளியின் மன்னிப்பையே வெட்டிவிடுகிறார்கள். நாலு வரியாகச் சுருக்குவதற்கும் காசு வாங்குகிறார்கள்” என்று. காசு பற்றிச் சொன்னதை விட்டுவிடுகிறோம். மன்னிப்பை வெட்டுகிறோம் என்பதுதான் உறுத்துகிறது. நாங்கள் அதை வெட்டுவதில்லை, கீழே இறக்குகிறோம். ஏன் என்பதை ஓர் உதாரணத்தோடு சொல்லிவிடுகிறோம்.

ஒரு பருப்புப் பொடியில் நிலக்கடலை கலந்துவிட்டது, லேபிளில் அது இல்லை என்று வைத்துக்கொள்வோம். எழுதிக் கொடுக்கப்படும் வாசகம் பெரும்பாலும் இப்படித் தொடங்கும்: “தரத்தையே உயிர்மூச்சாகக் கொண்டு மூன்று தலைமுறைகளாகச் சேவையாற்றி வரும் எங்கள் நிறுவனம், முன்னெச்சரிக்கை நடவடிக்கையாக, தானாக முன்வந்து, குறிப்பிட்ட சில பாக்கெட்டுகளை…” வாட்ஸ்அப்பில் நீண்ட செய்தி “மேலும் படிக்க” என்று மடங்கிக்கொள்ளும். மடங்காமல் தெரிகிற பகுதியில் பொடியின் பெயரே வராமல் போகலாம். கடலை ஒத்துக்கொள்ளாத குழந்தை உள்ள வீட்டில் இதை ஆண்டுவிழா அறிவிப்பு என்று நினைத்துத் தள்ளிவிடுவார்கள்.

நாங்கள் மாற்றித் தருவது இது:

“திரும்பப் பெறுகிறோம்: பருப்புப் பொடி, 200 கிராம், பேட்ச் எண் 2417.
நிலக்கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் இதைச் சாப்பிட வேண்டாம். லேபிளில் குறிப்பிடாத நிலக்கடலை இதில் உள்ளது. கடும் ஒவ்வாமை உயிருக்கே ஆபத்தாகலாம்.
பேட்ச் எண் பாக்கெட்டின் பின்புறம், அடி ஓரத்தில் கருப்பு மையில் இருக்கும்.
வாங்கிய கடையில் கொடுத்துப் பணத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள். பில் தேவையில்லை.”

இதற்குக் கீழே தொலைபேசி எண். அதற்கும் கீழே உங்கள் மன்னிப்பு, நீங்கள் எழுதியபடியே, ஓர் எழுத்தும் குறையாமல்.

“முன்னெச்சரிக்கையாக”, “தானாக முன்வந்து”, “இதுவரை யாருக்கும் பாதிப்பில்லை” ஆகிய மூன்றையும் மட்டும் எடுத்துவிடுகிறோம். இவை பொய் என்பதால் அல்ல. படிப்பவர் “அப்படியானால் அவசரமில்லை” என்று எடுத்துக்கொள்வார் என்பதால்தான். இது எங்கள் பிடிவாதம் மட்டுமல்ல. 2024 டிசம்பர் 13 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் நடைமுறைக்கு வந்த பொதுப் பொருள் பாதுகாப்பு விதிமுறை, திரும்பப் பெறும் அறிவிப்பில் ஆபத்தைக் குறைத்துக் காட்டும் இத்தகைய சொற்கள் கூடாது என்கிறது. அந்தச் சட்டம் நம்மைக் கட்டுப்படுத்தாது. காரணம் நமக்கும் பொருந்தும்.

பொடி வகைகளில் இன்னொரு சிக்கல் உண்டு. வாங்கிய அன்றே டப்பாவில் கொட்டிவிட்டுப் பாக்கெட்டைக் குப்பையில் போட்டுவிடுவார்கள். அவர்களுக்குப் பேட்ச் எண்ணால் பயனில்லை. ஆகவே, “பாக்கெட் கைவசம் இல்லையா? இந்தத் தேதிக்கும் இந்தத் தேதிக்கும் இடையில் வாங்கியதாக இருந்தால் இதே பேட்ச் என்று கருதுங்கள், டப்பாவோடு கொண்டு வாருங்கள்” என்று ஒரு வரி சேர்ப்போம். அந்தத் தேதிகளை உங்கள் சப்ளை பில்லைப் பார்த்து நீங்கள்தான் சொல்ல வேண்டும். கடைசியாக லோடு இறக்கிய தேதியோடு நிறுத்தாதீர்கள். கடை அலமாரியில் அதற்குப் பிறகும் விற்றிருக்கும்.

படத்திலும் கொஞ்சம் பிடிவாதம் பிடிப்போம். விளம்பரத்துக்கு எடுத்த, ஆவி பறக்கும் சோற்றுப் படம் வேண்டாம். பாக்கெட்டின் முன்பக்கம் ஒன்று, பேட்ச் எண் தெளிவாகத் தெரியும் பின்பக்கம் ஒன்று, இரண்டும் போதும். லோகோவைத் தலையில் பெரிதாக வைத்தால் தள்ளுபடி நோட்டீஸ் போலத் தெரியும்.

அச்சுக்குப் போகுமுன், முதல் மூன்று வரியைத் தவிர மற்றதை மறைத்து, விஷயம் தெரியாத ஒருவரிடம் காட்டி, “எந்தப் பாக்கெட்? என்ன செய்வீர்கள்?” என்று கேட்போம். அவர் தடுமாறினால் வாசகத்தைத் திருத்துவோம், அவரைக் குறை சொல்ல மாட்டோம்.

இனி இப்படி நோட்டீஸ் தேவைப்பட்டால் பொருளின் பெயர், எடை, பேட்ச் எண், விற்ற தேதிகள், பணம் திருப்பித் தரும் முறை, யாராவது எடுத்துப் பேசும் ஒரு தொலைபேசி எண் ஆகியவற்றை முதலில் அனுப்புங்கள். மற்ற வாசகம் பிறகு வரட்டும். உணவுப் பாதுகாப்புத் துறைக்குத் தெரிவிப்பது தனி வேலை. நோட்டீஸ் அடித்ததால் அது முடிந்ததாகாது.

திரும்பப் பெறும் நோட்டீஸ்களை எப்போதும் போல அன்றே முடித்துத் தருவோம். டிடிபி பார்த்தவர் விலகிவிட்டதால் மற்ற வேலைகளுக்கு இரண்டு நாள் கூடுதலாகும், கட்டணமும் சற்று மாறும்.

என்றும் நன்றியுடன்,
உரிமையாளர்