கடைக்கார அண்ணனுக்கு

ஆறு வாரம் கழித்து நேற்று உங்கள் கடைக்கு வந்தேன். வேலை போய்விட்டது. பாக்கி வைத்த கூச்சத்தில் வேறு தெரு வழியாகச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தேன்.

மற்றவர்கள் கிளம்பும்வரை நீங்கள் பேச்சே எடுக்கவில்லை. பிறகுதான் கேட்டீர்கள்: "என்னம்மா, உடம்பு ஏதும் சரியில்லையா?"

"இல்லண்ணே, பாக்கி நிக்குது, அதான்..."

"அது நோட்டுல இருக்கு, எங்கயும் போகாது. உங்களக் காணோமேன்னுதான் கவலையா இருந்துச்சு."

பழைய தொகைக்குக் கீழே கோடு போட்டு, புதுக் கணக்கைத் தனியாக எழுதினீர்கள். "இதுக்கு மட்டும் அப்பப்பக் குடுங்க. பழசை வேலை கிடைச்சதும் கொஞ்சங் கொஞ்சமாக் கழிச்சுக்கலாம்."

மொத்தத்தை நினைத்தே மலைத்திருந்தவளுக்கு அந்தக் கோடுதான் மறுபடி படியேற வழிவிட்டது. நான் கேட்கவே இல்லையே, அண்ணே! இது உங்கள் கண்ணில் படவேண்டும். நன்றி.