நொக்ஸின் நூலைத் தமிழாக்கும் மகளுக்கு

திருகோணமலை

அன்புள்ள மகளுக்கு,

கண்டி அரசன் இராசசிங்கனிடம் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேய மாலுமி ரொபர்ட் நொக்ஸ் இலங்கையைப் பற்றி எழுதிய நூலைத் தமிழில் தரும் வேலையை ஏற்றுக்கொண்டதாகவும், முதற் பாகத்தில் இரண்டு அத்தியாயங்களை ஏற்கெனவே மொழிபெயர்த்து முடித்துவிட்டதாகவும் நீ எழுதியிருந்தாய். முதற் செய்தியைப் படித்து மகிழ்ந்தேன். இரண்டாவது செய்திக்காகத்தான் உடனே எழுத உட்கார்ந்தேன். நூலின் நான்காம் பாகத்தை இன்னும் நீ படிக்கவில்லை என்பதும் உன் கடிதத்திலேயே தெரிந்தது. அந்த இரண்டு அத்தியாயங்களையும் கிழிக்க வேண்டாம், ஒரு பக்கமாக எடுத்து வை. நூலை முதலிலிருந்து கடைசிவரை படித்து, இடறும் இடங்களைக் குறித்த பிறகு அவற்றைத் திரும்ப எடுத்துப் பார்.

நான் வேலையில் இருந்த காலத்தில், கரையோர மீன்பிடி பற்றிய ஒரு நீண்ட ஆங்கில அறிக்கையைத் தமிழாக்கும்படி என்னிடம் தந்தார்கள். நாள் குறைவாக இருந்ததால் முதற் பக்கத்திலிருந்தே எழுதத் தொடங்கினேன். அதில் 'எஃபோர்ட்' என்ற சொல் அடிக்கடி வந்தது. அதற்கு அகராதி தேவையா? 'முயற்சி' என்றே எழுதிக்கொண்டு போனேன். எண்பது பக்கங்களுக்குப் பிறகு வந்த ஓர் அட்டவணையின் அடியில்தான் அச்சொல்லுக்குரிய விளக்கம் இருந்தது: எத்தனை படகுகள் எத்தனை நாட்கள் தொழிலுக்குப் போயின என்ற கணக்கையே அந்தத் துறையில் அப்படிச் சொல்கிறார்கள். அதற்குள் வரைவின் ஒரு பகுதி மீனவர் சங்கத்துக் கூட்டமொன்றில் வாசிக்கப்பட்டுவிட்டது. "எங்கள் முயற்சி குறைந்துபோனது என்று எழுதியிருக்கிறீர்களே, டீசல் விலை ஏறிப் படகு கரையில் கிடந்தது எங்கள் சோம்பலாலா, அம்மா?" என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். அந்த எண்பது பக்கங்களிலும் இச்சொல் வந்த இடமெல்லாம் தேடித் திருத்துவதற்கு நான்கு நாட்கள் போயின. சொல்லை மாற்றினால் போதாது, அதைச் சுற்றிய வாக்கியங்களையும் மாற்ற வேண்டியிருந்தது. "தீவிர முயற்சி" என்று நான் அழகுக்குச் சேர்த்திருந்த அடைமொழிகள் படகு நாட்களின் கணக்குக்குப் பொருந்துமா?

அன்றிலிருந்து நான் பிடித்துக்கொண்ட முறையை உனக்குச் சொல்கிறேன். முதல் வாசிப்பில் அகராதியைத் திறக்காதே. கையில் பென்சில் மட்டும் இருக்கட்டும். பொருள் விளங்காத இடத்தின் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போடு. பொருள் விளங்கியும் தமிழ்ச் சொல் வராத இடத்தில் ஒரு வட்டம் போடு. ஒரு பகுதி நூலின் வேறொரு பகுதியோடு தொடர்புடையது என்று தோன்றினால் ஒரு கோடு இழுத்து, அந்த மற்றப் பக்கத்தின் எண்ணை அருகே எழுது. எதையும் தீர்க்க நின்றுவிடாதே, வாசித்துக்கொண்டே போ. கேள்விக்குறிகளில் பல பின்வரும் பக்கங்களில் தாமாகவே தீர்ந்துவிடும், தீர்ந்தவற்றை அடித்துவிடலாம். எஞ்சியவற்றைப் பக்க எண்ணோடு ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டால், எங்கே எத்தனை நாள் செலவாகும் என்பது வரைவு தொடங்குமுன்பே ஏறத்தாழத் தெரிந்துவிடும். ஒவ்வொரு பக்கத்திலும் பத்துக் குறிகள் விழுந்தால் பென்சிலை வைத்துவிட்டுச் சற்று ஓய்வெடு. அத்தனை குறிகளும் உன் களைப்பின் குறிகளாகத்தான் இருக்கும்.

ஆனால் இம்முறையில் ஓர் ஓட்டை இருக்கிறது, எனக்கு அது பிந்தித்தான் தெரிந்தது. நாம் இடறி நிற்கும் இடத்தில்தான் குறி போடுகிறோம்; என்னை ஏமாற்றிய சொல்லோ என்னை நிறுத்தவேயில்லை. ஆகவே இரண்டாம் வாசிப்பில் அருஞ்சொற்களை விட்டுவிட்டு, அடிக்கடி வரும் எளிய சொற்களைப் பின்தொடர வேண்டும். உன் நூலிலேயே இதற்கு நல்ல எடுத்துக்காட்டுகள் இருக்கின்றன.

முதற் பாகத்தில் வேளாண்மை பற்றிய அத்தியாயத்தில் 'கோர்ன்' என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. நீ இருக்கும் ரொறன்ரோவில் அச்சொல்லைக் கேட்டால் சோளம்தான் நினைவுக்கு வரும். ஆனால் நொக்ஸின் காலத்து ஆங்கிலத்தில் அது எந்தத் தானியத்துக்கும் பொதுப்பெயர். அந்த அத்தியாயத்தைப் பொறுமையாகப் படித்தால், இந்நாட்டுத் தானியங்களில் தலையானது என்று அவர் நெல்லைச் சொல்வதையும், பிறகு 'கொரகன்', 'தன்னா', 'மூங்' என்று வரிசைப்படுத்துவதையும் காண்பாய். அவை நம்முடைய குரக்கனும் தினையும் பயறும்தான். ஆகவே வகைகளை எண்ணும் இடத்தில் 'தானியம்' என்றும், வயலில் நிற்பதைச் சொல்லும் இடத்தில் 'பயிர்' அல்லது 'நெல்' என்றும் ஒரே ஆங்கிலச் சொல்லைப் பிரித்து எழுத வேண்டியிருக்கும். எங்கே எது என்பதை அச்சொல் வரும் எல்லா இடங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்த பிறகே முடிவு செய். 'பொண்ட்' என்பதும் அப்படித்தான். மழைநீரைத் தேக்க அரைநிலா வடிவில் நீண்ட கரை கட்டுகிறார்கள் என்று அவர் விவரிப்பதைப் பார்த்தால், அது குட்டையுமல்ல, தடாகமுமல்ல, நம் ஊர்க் குளமே என்று விளங்கும்.

இதைவிடப் பெரிய சிக்கல் 'மலபார்' என்ற சொல்லில் இருக்கிறது. வடபகுதியில் தனித் தலைவனின் கீழ் வாழும் மக்களை முதற் பாகத்தில் அவர் இப்பெயரால் குறிப்பிடுகிறார். அத்தலைவனின் பெயரைக் 'கொய்லட் வன்னியா' என்று எழுதுகிறார். கயிலை வன்னியன் என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால்தான் நம் காதில் விழும். நான்காம் பாகத்தில், தப்பியோடும் வழியில் அனுராதபுரத்துப் பக்கம் அவர் காணும் மக்களும் 'மலபார்' மக்களே. அவர்களுக்குச் சிங்களம் விளங்கவில்லை என்றும் சொல்கிறார். இரண்டு இடங்களையும் சேர்த்துப் படித்தவருக்கு, அவர் தமிழரையே குறிப்பிடுகிறார் என்பதில் ஐயம் எழாது. முதற் பாகத்தை மட்டும் படித்தவர் 'மலபார்க்காரர்' என்று எழுதுவார், வாசகரும் கேரளத்துக்குப் போய்விடுவார். 'தமிழர்' என்றே எழுதுவதா, அக்காலச் சொல்லை வைத்துக்கொண்டு முதல் வரவில் ஓர் அடிக்குறிப்பு இடுவதா என்பது உன் முடிவு. முன்னதே வாசிக்க இலகு என்பேன். ஆனால் ஐரோப்பியர் நம்மை எப்படிப் பெயரிட்டார்கள் என்பதும் இந்நூலில் ஒரு செய்தி. எதைத் தேர்ந்தாலும் நூல் முழுவதும் அதுவே வரட்டும்.

ஆண்டுக் கணக்கையும் கொப்பியில் குறித்து வை. நொக்ஸும் அவர் தந்தையும் நமது கொட்டியாரக் குடாவில் பிடிபட்டது 1660 ஏப்ரலில். தந்தை சிறையிருப்பில் காலமானது, இன்றைய கணக்கின்படி, 1661 பெப்ரவரியில். ஆனால் அக்கால இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25ஆந் திகதிதான் தொடங்கும். 1752இல்தான் அவர்கள் அதை ஜனவரிக்கு மாற்றினார்கள். ஆகவே அந்தப் பெப்ரவரி அவர்கள் கணக்கில் இன்னும் 1660தான். இது தெரியாமல் எழுதினால் தந்தை பிடிபடுவதற்கு இரண்டு மாதம் முன்பே இறந்ததாக ஆகிவிடும். நீயும் மூலத்தில் அச்சுப்பிழை என்று நினைத்துத் திருத்தப் பார்ப்பாய். நூலில் ஜனவரிக்கும் மார்ச் 25க்கும் இடைப்பட்டு வரும் திகதிகள் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதிக்கொள். தந்தைக்கும் மகனுக்கும் பெயர் ஒன்றே என்பதால், 'நொக்ஸ்' என்று தனியே வரும் இடங்களிலும் யார் என்று பார்த்துக்கொள்.

ஆங்கிலத்தில் கண்ணுக்கே தெரியாத ஒரு கடினம் நம் வினைமுற்றில் இருக்கிறது. அங்கே எல்லோருக்கும் ஒரே 'ஹி' போதும். நமக்கு அவனா, அவரா? தந்தைக்கு 'அவர்' என்பதில் பேச்சில்லை. இராசசிங்க மன்னனுக்கு? அவரது ஆட்சியைச் சொல்லும் இரண்டாம் பாகத்தில் நொக்ஸின் வெறுப்பு வெளிப்படையாகத் தெரிகிறது, அதை மட்டும் படித்துவிட்டு 'ஆண்டான், கொன்றான்' என்று எழுதத் தோன்றும். பத்தொன்பது ஆண்டுகள் அந்த மன்னன் தயவில் உயிர்வாழ்ந்த ஒருவரின் அச்சமும் எச்சரிக்கையும் நான்காம் பாகத்தில் வேறு தொனியில் ஒலிக்கின்றன. வரலாற்று உரைநடையில் 'அரசன் செய்தான்' என்பது இழிவல்ல என்பதால் நான் அதையே வைத்துக்கொள்வேன். திசாவைக்கும் மற்ற அதிகாரிகளுக்கும் 'அவர்' கொடுப்பேன். அரசனுக்கு 'அவன்', அவன் அதிகாரிக்கு 'அவர்' என்றால் விந்தையாகத்தான் இருக்கிறது, நீ யோசித்துப் பார். பாதி நூலுக்குப் பிறகு இதை மாற்ற நேர்ந்தால் ஒவ்வொரு வினைமுற்றையும் கையால் திருத்த வேண்டும். கணினியில் தேடி மாற்ற முடியாது.

முடிவை முன்பே படித்துவிட்டால் எழுதும்போது சுவை போய்விடும் என்று நீ சொல்லக்கூடும். நொக்ஸ் தப்பினார் என்பது தெரியாமல் அந்நூலை வாங்குகிறவர் இல்லை, மகள். 1681இல் இலண்டனில் அவரே அதை அச்சிட்டுத் தந்துவிட்டார்.

இவ்வளவு செய்தபின்னும் சில குறிகள் தீராமல் நிற்கும். அவற்றுக்காக வரைவை நிறுத்த வேண்டாம். ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் பகர அடைப்புக்குள் போட்டுவிட்டு மேலே போ. பின்னர் தேடுவதற்கும் அந்த அடைப்பு உதவும். நூலில் 'தலிபட்' என்று வரும் மரத்துக்கு நான் அப்படித்தான் செய்வேன். ஒரே ஓலை பதினைந்து இருபது பேரை மூடும் என்று அவர் சொல்வதால் அது நம் பனையல்ல, தாளிப்பனை என்பது தெளிவு. ஆயினும் நம் பக்கத்து வாசகருக்குத் 'தலப்பத்து' என்றால்தான் விளங்குமா என்று இன்னும் இரண்டு பேரிடம் கேட்க வேண்டும். அடுத்த கிழமை மூதூருக்குப் போகிறேன், அங்குள்ள பழைய ஆட்களிடம் கேட்டு எழுதுகிறேன். அதற்குள் கொப்பியின் முதற் சில பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பு. அடித்துவிட்ட குறிகளையும் சேர்த்து அனுப்பு, அவற்றையும் நான் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா