வசன வரி திருத்துவோர் கவனத்திற்கு

வணக்கம். வைகைக் கரைச் சமையல் வீடியோவில் தானியங்கி வசன வரி ‘வைகை’ என்ற பெயரை ‘வை கை’ என்று பிரித்துவிட்டது. நேற்று ஒருவர் மொத்தமாகத் தேடி மாற்றியதில், “இறக்கி வை, கை சுடும்” என்று அம்மா சொன்ன இடமும் ‘இறக்கி வைகை சுடும்’ ஆகிவிட்டது. தானாக வந்த அந்த வரியில் காற்புள்ளி இல்லையே!

அதனால் ஒவ்வொரு இடத்தையும் ஒலியைக் கேட்டு மாற்றுங்கள். மாட்டுத்தாவணி, திருப்பரங்குன்றம் இரண்டும் ஒரே சொல்லாக வரவேண்டும்.

அப்புறம், பேசியவர் ‘பஸ் ஸ்டாண்ட்’ என்றால் அப்படியே தமிழ் எழுத்தில் போடுங்கள். ‘பேருந்து நிலையம்’ ஆக்க வேண்டாம். .srt கோப்பில் நேர வரிகளைத் தொடாதீர்கள்.