மேற்கோள் குறியை எடுத்த பிறகு யார் பேசுகிறார்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

நேர்கூற்றை அயற்கூற்றாக மாற்றும்போது, ஒருவர் சொன்னது இன்னொருவர் வாய்க்குப் போய்விடும் தவறு செய்திகளில் அடிக்கடி கண்ணில் படுகிறது. ஒருவர் பேச்சுக்குள் மற்றொருவர் பேச்சு இருக்கும் இடத்தில்தான் இது பெரும்பாலும் நேர்கிறது.

ஓர் உதாரணம். விவசாயிகள் சங்கச் செயலாளர் புதன்கிழமை இப்படிப் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம்: "நாளைக்கு மதகைத் திறப்போம்னு பொறியாளர் என்கிட்ட சொன்னார். ஆனா எங்க ஊருக்குத் தண்ணி வராது."

இது அச்சில், "மதகு நாளை திறக்கப்படும், ஆனால் ஊருக்குத் தண்ணீர் வராது எனப் பொறியாளர் தெரிவித்ததாகச் செயலாளர் கூறினார்" என்று வந்தால், தண்ணீர் வராது என்ற கணிப்பு பொறியாளருடையதாகிவிடுகிறது. தமிழில் சொன்னவர் பெயரும் வினையும் பெரும்பாலும் கடைசியில் வருவதால், 'என' என்பதற்கு முன்னால் உள்ளதெல்லாம் அதை அடுத்து வரும் ஆளின் கணக்கில் சேர்ந்துவிடும். ஆகவே, பேச்சு கைமாறும் இடத்தில் வாக்கியத்தை முடித்துவிட வேண்டும்:

"மதகு வியாழக்கிழமை திறக்கப்படும் எனப் பொறியாளர் தம்மிடம் தெரிவித்ததாகச் செயலாளர் கூறினார். ஆனால், தங்கள் ஊருக்குத் தண்ணீர் வராது என்றார் செயலாளர்."

இரண்டாவது வாக்கியத்தில் 'அவர்' என்று போட்டிருந்தால் பழைய குழப்பம் திரும்பியிருக்கும். பதவிப் பெயரை மறுபடி எழுதுவது இங்கே கூறியது கூறல் ஆகாது. புதன்கிழமை சொன்ன 'நாளை', வியாழக்கிழமை இதழைப் படிப்பவருக்கு வெள்ளிக்கிழமை ஆகிவிடும் என்பதால் கிழமையையே எழுதிவிடுவது நல்லது.

'தம்', 'தன்' இரண்டும் இன்னும் கவனமாகக் கையாள வேண்டியவை. "தம் கடிதம் கிடைக்கவில்லை எனப் பொறியாளர் சொன்னதாகச் செயலாளர் கூறினார்" என்பதில் கடிதம் யாருடையது? "என் கடிதம் கிடைக்கலைன்னு பொறியாளர் சொன்னார்" என்ற மூலப் பேச்சிலேயே அது தெளிவில்லை. பேசியவரிடம் கேட்டுத்தான் தீர்க்க முடியும். துணை ஆசிரியர் மேசையில் ஊகிக்கக் கூடாது. கேட்டு அறிந்தபின், "சங்கம் அனுப்பிய கடிதம் கிடைக்கவில்லை எனப் பொறியாளர் சொன்னதாக" என்று எழுதினால் சிக்கல் இல்லை.

'நாங்கள்' என்பதைத் 'தாங்கள்' ஆக்கலாம். ஆனால் 'நாம்' கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும் சொல். "நாம் மறியல் செய்வோம்" என்று கூட்டத்தில் பேசியதை, "தாங்கள் மறியல் செய்யப்போவதாகச் செயலாளர் கூறினார்" என மாற்றினால், கூட்டத்துக்கு விடுத்த அழைப்பு சங்கத்தின் அறிவிப்பாக மாறிவிடுகிறது. "மறியல் செய்ய வருமாறு கூட்டத்தினரை அழைத்தார்" என்பதே பொருளுக்கு நெருக்கம். அதுவும் பொருந்தாவிட்டால் மேற்கோள் குறியை எடுக்காமல் விட்டுவிடலாம்.

இன்னொன்று: 'கூறினார்' சலிப்பூட்டுகிறதென்று 'ஒப்புக்கொண்டார்', 'சுட்டிக்காட்டினார்' என மாற்றுகிறார்கள். முதல் சொல் பேசியவர்மேல் தவறு ஏற்றுகிறது. இரண்டாவது, அவர் சொன்னது உண்மை என்று பத்திரிகையே சான்று தருவதாகிவிடுகிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தஞ்சாவூர்