பெட்டியைத் திறந்து பார்க்கும் முன் ஸ்டாக்கில் ஏற்றாதீர்கள்

கிடங்குகளை நடத்தும் மேலாளர்களுக்கும், அவர்களுக்கு இலக்கு வைக்கும் தலைமை அலுவலகத்தாருக்கும் வணக்கம்.

நான் ரிட்டர்ன் மேசையில் வேலை பார்ப்பவன். திரும்பி வரும் பெட்டியைப் பிரித்து, உள்ளே இருப்பதை மறுபடி விற்கலாமா, பழுது பார்க்கலாமா, ஸ்கிராப்பில் போட வேண்டியதுதானா என்று முடிவு செய்வது என் வேலை. அந்த முடிவை நான் எடுப்பதற்கு முன்பே சரக்கு விற்பனை ஸ்டாக்கில் ஏறிவிடுகிறது. இதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

SAP பயன்படுத்தும் கிடங்குகளில் ரிட்டர்னை உள்ளே எடுக்க 651, 653 என்று இரண்டு நகர்வு எண்கள் உண்டு. 651 போட்டால் சரக்கு ரிட்டர்ன் ஸ்டாக்கில் நிற்கும். யாருக்கும் விற்க முடியாது. 653 போட்டால் நேராக விற்பனைக்குப் போய்விடும். "அன்று வந்த ரிட்டர்ன் அன்றே முடிய வேண்டும்" என்று நீங்கள் இலக்கு வைத்தால், இறக்குமிடத்தில் இருப்பவர் 653-ஐத்தான் போடுவார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

அதனால் என்ன ஆகிறது என்பதற்கு நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். ஒரு நாள் 12 மின்கெட்டில்கள் திரும்பி வந்தன. அந்த மாடல் அப்போது கையிருப்பில் ஒன்றுகூட இல்லை. 653 போட்டதும் கணினியில் 12 என்று காட்டியது. சாயங்காலத்துக்குள் 9 ஆர்டர்கள் விழுந்துவிட்டன. மறுநாள் காலையில் பெட்டிகள் என் மேசைக்கு வந்தன. சீல் உடையாமல் இருந்தவை 5. இரண்டில் மூடி பூட்டவில்லை, ஒன்றில் அடித்தட்டு இல்லை. இரண்டின் உடல் விரிசல் விட்டிருந்தது, ஒன்றின் அடித்தட்டு முனைகள் கருகியிருந்தன.

மிச்சமிருந்த ஒன்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பெட்டியில் டேப் நேராக ஒட்டியிருந்தது, வயர் மடித்த மடிப்புக் கலையவில்லை. மேலோட்டமாகப் பார்த்தால் புதுசுதான். மூடியைத் திறந்து வெளிச்சத்தில் சாய்த்தபோது, அடித்தகட்டைச் சுற்றி நூல் மாதிரி ஒரு வெள்ளை வளையம். தண்ணீர் கொதித்துப் படிந்த உப்பு. நன்றாக வேலை செய்யும் கெட்டில்தான், ஆனால் ஒருவர் பயன்படுத்தியது. புதுசு என்று இன்னொருவருக்கு அனுப்பக் கூடாது. உப்பை எடுத்துச் சுத்தம் செய்து, திறந்த பெட்டிச் சரக்கு என்று சொல்லித்தான் விற்க வேண்டும். ஆக, விற்கத் தக்கவை 5, பழுது வேலைக்கு 4, ஸ்கிராப் 3. அனுப்புவதாக ஒப்புக்கொண்ட 9 பேரில் 4 பேருக்கு "சரக்கு இல்லை" என்று சொல்ல வேண்டியதாயிற்று.

முதலில் 651 போட்டிருந்தால் இது நடந்திருக்காது. பெட்டியைப் பார்த்த பிறகு நல்லவற்றை மட்டும் 453 போட்டு விற்பனைக்கு மாற்றலாம். மற்றவற்றை 459 போட்டுப் பிளாக்டு ஸ்டாக்குக்கு மாற்றி, பழுது லொகேஷன், ஸ்கிராப் லொகேஷன் என்று பிரித்து வைக்கலாம். தரம் சொன்னவரே அதே இடத்தில் நின்று ஸ்கேன் செய்து இந்தப் போஸ்டிங்கை முடிக்க வேண்டும். காகிதத்தில் எழுதி வைத்து அப்புறம் வேறொருவர் ஏற்றினால், ஷிப்ட் மாறும்போது கூடைகளும் மாறிவிடும்.

கணக்குப் பிரிவினர் கவனிக்க வேண்டியதும் ஒன்று இருக்கிறது. 651-இல் நிற்கும் சரக்குக்கு ஸ்டாக் மதிப்பு கிடையாது. 453, 459 இரண்டில் எதைப் போட்டாலும் புதுச் சரக்கின் முழு மதிப்பு அதற்கு வந்துவிடும். உப்பு படிந்த அந்தக் கெட்டில் புத்தகத்தில் புதுக் கெட்டிலாகவே உட்கார்ந்திருக்கும். பழுது பார்த்தவற்றுக்கும் திறந்த பெட்டிகளுக்கும் தனிப் பொருள் எண்ணோ தனி மதிப்பு வகையோ கொடுங்கள். பழுது லொகேஷனில் கிடக்கும் ஒவ்வொன்றுக்கும் வந்த தேதி தெரியட்டும். அடித்தட்டு இல்லாத கெட்டில் உதிரி பாகத்துக்காக மாதக்கணக்கில் காத்துக் கிடப்பதை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு ஒரு கெடு வேண்டும்.

ஸ்கிராப்பில் நடக்கும் தவறு வேறு மாதிரி. 555 போட்டுக் கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறார்கள், பொருள் மட்டும் மூலையிலேயே கிடக்கிறது. அடுத்த ஸ்டாக் எண்ணிக்கையில் அதை "கூடுதல்" என்று யாரோ மறுபடி ஏற்றிவிடுகிறார். கருகிய முனை உள்ள அடித்தட்டு அப்படி வாடிக்கையாளர் வீட்டுக்குப் போனால் தீப்பிடிக்கலாம். 555 போடும் நேரத்திலேயே வயரை வெட்டிவிட அனுமதி கொடுங்கள்.

ரிட்டர்னைச் சீக்கிரம் முடிக்கச் சொல்வது வாடிக்கையாளருக்குப் பணம் தாமதமாகக் கூடாது என்பதற்காகத்தான் என்று எனக்குத் தெரியும். ஆனால் பணம் திருப்பித் தருவதும் ஸ்டாக்கில் ஏற்றுவதும் தனித்தனி வேலைகள். பெட்டி வந்து சேர்ந்த ஸ்கேனை வைத்துப் பணத்தை விடுவிக்கலாம், சரக்கு 651-இல் நிற்கட்டும். எங்கள் மேசைக்கு ஒரு நாள் கொடுங்கள். 653-ஐ இறக்குமிடத் திரையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ரிட்டர்ன் மேசை ஊழியர் ஒருவர்