29 நாள் பழைய இரத்தம்: மருத்துவமனையின் இரத்த மாற்றுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு வணக்கம்.

ஆர்எச் ஒவ்வாமையால் காமாலை முற்றிய மூன்று கிலோ பச்சிளங்குழந்தைக்குச் சென்ற வாரம் இரத்தப் பரிமாற்றம் செய்தோம். அதற்குத் தாங்கள் அனுப்பிய பை 29 நாள் பழையது. மூன்றே நாளான பொருத்தமான பை ஒன்றும் அதே குளிர்பெட்டியில் இருந்தது என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிய வந்தது. விளக்கம் கேட்டபோது, 35 நாள் கெடு இன்னும் முடியவில்லை என்றும், பழையதை முதலில் கொடுப்பதே விதி என்றும் பதில் வந்தது.

அந்தக் கெடு, ஏற்றிய அணுக்களில் முக்கால் பங்காவது மறுநாளும் உடலில் உயிரோடு இருக்குமா என்பதைப் பார்த்து வைக்கப்பட்டது. அவை அன்றைக்கே ஆக்ஸிஜனை இறக்கிக் கொடுக்குமா என்பதை அது சொல்வதில்லை. மைட்டோகாண்ட்ரியா இல்லாத சிவப்பணு, சர்க்கரையை லாக்டிக் அமிலமாகச் சிதைத்தே பிழைக்கிறது. அந்தப் பாதையின் கிளை ஒன்றில் உருவாகும் டைபாஸ்போகிளிசரேட்தான் ஹீமோகுளோபினின் பிடியைத் தளர்த்தி ஆக்ஸிஜனை விடச் செய்கிறது. பைக்குள் அமிலம் சேரச் சேர டைபாஸ்போகிளிசரேட்டின் உற்பத்தி தளர்ந்து சிதைவு மிகுவதால், ஏறத்தாழ இரண்டு வாரத்தில் அது அற்றுப்போகிறது. அணுவுக்கு ஆற்றல் தரும் ஏடிபி இவ்வளவு விரைவாகக் குறைவதில்லை என்பதால், அணு அதன் பிறகும் உயிரோடுதான் இருக்கிறது.

திசுக்களில் ஆக்ஸிஜன் அழுத்தம் 40 மில்லிமீட்டராக இருக்கும் இடத்தில், இயல்பான இரத்தம் தன் சுமையில் ஏறக்குறைய கால் பங்கை இறக்கிவிடும். டைபாஸ்போகிளிசரேட் தீர்ந்த இரத்தமோ அதே இடத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட இறக்குவதில்லை. எங்கள் குழந்தையின் ஹீமோகுளோபின் அளவு அறிக்கையில் நன்றாகவே இருந்தது. ஆனால் இதயத் துடிப்பு இரவு முழுவதும் தணியவில்லை. அதற்கு இது ஒன்றே காரணம் என்று நான் சாதிக்கவில்லை. தவிர்த்திருக்கக்கூடிய ஐயம் இது என்றே சொல்கிறேன்.

எல்லோருக்கும் புது இரத்தம் வேண்டும் என்பது என் கோரிக்கை அன்று. ஏற்றிய அணுக்கள் ஓரிரு நாளில் டைபாஸ்போகிளிசரேட்டைப் பெருமளவு மீட்டுக்கொள்கின்றன. தீவிர சிகிச்சையில் உள்ள பெரியவர்களிடம் நடந்த பெரிய ஆய்வுகளிலும் புது இரத்தம் உயிரிழப்பைக் குறைக்கவில்லை. ஒன்றிரண்டு பை ஏற்றிக்கொள்ளும் பெரியவருக்கு, மீட்சி வரும்வரை ஈடுகட்டச் சொந்த இரத்தம் மிச்சம் இருக்கிறது. பரிமாற்றத்திலோ ஏறக்குறைய அரை லிட்டர் செலுத்தப்பட்டு, குழந்தையின் இரத்தத்தில் 85 விழுக்காடு வெளியேறிவிடுகிறது. ஈடுகட்ட அதனிடம் என்ன மிஞ்சும்? ஆகவே, பரிமாற்றத்துக்கு மட்டும் ஐந்து நாளுக்கு உட்பட்ட பை வேண்டும் என்கிறேன்.

'இவ்வாண்டு ஒரு பையும் வீணாகவில்லை' என்ற பலகையைத் தங்கள் வாசலில் கண்டு மகிழ்ந்தேன். எந்தப் பை யாருக்குப் போனது என்பதையும் அதில் எழுத இடம் இருக்கிறது. கடுமையாகப் பேசியிருந்தால் பொறுத்தருள்க. ஐந்து நாளுக்கு உட்பட்ட இரத்தமே பரிமாற்றத்துக்கு என்று அடுத்த கூட்டத்தில் தீர்மானித்து, அதை இரவுப் பணியாளர் கண்ணில் படும்படி குளிர்பெட்டிக் கதவில் ஒட்டச் செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பச்சிளங்குழந்தைப் பிரிவு மருத்துவர் ஒருவர்