சப்பாத்தைக் கையில் பிடித்து வரும் பிள்ளைக்காக

எங்கள் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாருக்கும் வணக்கம்.

இரண்டாம் ஆண்டில் படிக்கும் என் மகளுக்கு ஆட்டிசம் இருப்பது உங்களுக்குத் தெரியும். "சொன்ன பேச்சு கேட்காது, வீட்டில் செல்லம்" என்று போன கூட்டத்தில் ஒருவர் சொன்னார். அதனால்தான் எழுதுகிறேன்.

காலையில் "சப்பாத்தைப் போடும்மா" என்றால் முதலில் சிரித்துப் பேச்சை மாற்றுவாள். மறுபடி சொன்னால், "கால் வேலை செய்யல" என்று தரையில் படுத்துவிடுவாள். மூன்றாவது முறை கத்தல், கடி. வேன் போய்விடும். அவளுக்கு வண்ணம் தீட்டுவது உயிர். ஆனால் "வரை" என்று யாராவது சொல்லிவிட்டால் அதையும் அவளால் செய்ய முடியாது. பிடிவாதம் என்றால், பிடித்ததையாவது செய்வாள் அல்லவா? யாராவது ஒன்றைச் செய்யச் சொன்னதும் தன் பிடி நழுவுவதுபோல அவளுக்குப் பயம் வருகிறது. சாக்கு, படுக்கை, கத்தல் எல்லாம் அந்தப் பயத்தின் படிகள்.

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் எலிசபெத் நியூசன் என்ற உளவியலாளர் 1980களிலேயே இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றிச் சொல்லி, இதற்கு "Pathological Demand Avoidance", அதாவது யாராவது செய்யச் சொன்னதை மீற முடியாமல் தவிர்க்கும் நிலை, என்று பெயர் வைத்தார். இது தனி நோயா என்பதில் வல்லுநர்களுக்குள் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. நோய்ப் பட்டியல்களில் தனிப் பெயராக இல்லை. பெயர் எதுவானாலும் காலை ஆறு மணிக்குச் சப்பாத்துப் போட்டாக வேண்டும்.

இப்போது நான் சொல்வதில்லை. சப்பாத்தை வாசலில் வைத்துவிட்டு, என் செருப்பை மாட்டிக்கொண்டே, "இன்னும் பத்து நிமிஷத்தில் வேன் வரும்" என்று பொதுவாகப் பேசுவேன். அப்புறம் அவளைப் பார்க்காமல் காத்திருப்பேன். பல நாள் தானே மாட்டிக்கொள்கிறாள். தந்திரம் என்று தெரிந்தால் இதுவும் பலிக்காது. போடாவிட்டாலும் பரவாயில்லை என்று நான் மனதார நினைக்க வேண்டும். அந்த நாட்களில் சப்பாத்தைக் கையில் கொடுத்து அனுப்புகிறேன். லாரிப் பாதையைக் கடக்கும்போது கையைப் பிடிப்பதில் மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை. அதற்கும் "எந்தக் கை?" என்று கேட்பேன்.

நட்சத்திர அட்டையும் கைத்தட்டலும் மற்றப் பிள்ளைகளுக்கு உதவலாம். இவளுக்கு "கெட்டிக்காரி!" என்றால், நாளைக்கும் செய்ய வேண்டும் என்ற புதுச் சுமை. எல்லா ஆட்டிசப் பிள்ளைகளுக்கும் என் வழி பொருந்தாது. பலருக்குத் தெளிவான கட்டளையும் அட்டவணையும்தான் நிம்மதி.

வகுப்பில் அமைதியாகத்தானே இருக்கிறாள் என்பீர்கள். அங்கே அடக்கியதெல்லாம் மாலையில் லயத்து வீட்டில் வெடிக்கிறது. ஆகவே கரும்பலகைக்குப் பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். "ஏழாவது கணக்கு எனக்கே குழப்புது" என்று அவள் பக்கம் நின்று சொல்லிவிட்டு நகருங்கள். பேச்சை மாற்றத் தொடங்கினாலே போதும், அங்கேயே விட்டுவிடுங்கள். தரையில் படுக்கும்வரை போக வேண்டாம்.

திங்கட்கிழமை அவள் வெறுங்காலோடு வந்தால், வாசலில் நிறுத்தாமல் உள்ளே விடுங்கள். சப்பாத்து அவள் கையில்தான் இருக்கும்.

இப்படிக்கு,
இரண்டாம் ஆண்டு மாணவியின் தாய்